கடன் வரம்பு போட்டும் பாக்கி ஏறுகிறதா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

கடனுக்குச் சரக்கு கொடுக்கும் பல நிறுவனங்களில், வரம்பைத் தாண்டினால் புது ஆர்டரை நிறுத்த சாஃப்ட்வேரிலேயே வசதி இருக்கிறது. இருந்தும் பாக்கி ஏறுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது எதையெல்லாம் பாக்கி என்று கணக்கில் எடுக்கிறீர்கள் என்பதைத்தான்.

பில் போட்ட தொகையை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. ஒரு வாடிக்கையாளருக்கு வரம்பு 5 லட்சம், பில் பாக்கி 3.2 லட்சம் என்று வையுங்கள். திங்கட்கிழமை 1.2 லட்சத்துக்கு ஆர்டர் வருகிறது, கூட்டினால் 4.4, சரி. புதன்கிழமை இன்னொரு 1.2 லட்சம், முதல் ஆர்டருக்கு இன்னும் பில் போடாததால் அதுவும் 4.4 என்றே தெரிந்து நிற்காமல் போய்விடும். இரண்டுக்கும் பில் போட்டதும் 5.6 லட்சம், ஆனால் அதற்குள் சரக்கு கிளம்பியிருக்கும். ஆகவே பில் ஆகாத ஆர்டர்களையும், வாங்கி வைத்து இன்னும் பணமாகாத செக்குகளையும் பாக்கியோடு சேர்த்தே பாருங்கள். ஆர்டர் எடுக்கும்போது ஒரு தடவை, சரக்கு ஏற்றும் முன் இன்னொரு தடவை.

அடுத்தது, வரம்பையே குத்துமதிப்பாகப் போடுவது. மாதம் 4 லட்சத்துக்கு வாங்குபவருக்கு 30 நாள் கெடு கொடுத்து, வரம்பையும் 4 லட்சம் என்று வைப்பார்கள். அவர் நிஜத்தில் 40 நாளில் கட்டுகிறவர் என்றால் எப்போதும் சுமார் 5.3 லட்சம் வெளியே நிற்கும், கையில் இருக்கும் ஆர்டர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒழுங்காக வாங்கிக் கட்டுகிறவரின் ஆர்டர் மாதாமாதம் நிற்கும், விற்பனை ஆள் போன் போட்டு விடுவிக்கச் சொல்வார், கொஞ்ச நாளில் யார் ஆர்டர் நின்றாலும் பார்க்காமலே விடுவிக்கும் பழக்கம் வந்துவிடும். 40 நாளை ஏற்றுக்கொண்டு வரம்பை உயர்த்துங்கள், இல்லையென்றால் 30 நாளுக்குள் வசூலியுங்கள்.

தொகையை மட்டும் வைத்து நிறுத்துவதும் போதாது. வரம்பு 5 லட்சம் இருக்கும் ஒருவர், 60 நாள் தாண்டிய 80 ஆயிரத்தைத் தொடாமல் புதுச் சரக்கு வாங்கிக்கொண்டே இருக்கலாம். கெடு முடிந்து 15 நாள் ஆகியும் ஒரு பில் நின்றால் புது ஆர்டர் நிற்கும் என்று தனியாக ஒரு விதி வேண்டும். ஆனால் அந்த விதியைப் போடும் முன் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்: அவர் அனுப்பிய பணத்தை எந்த பில்லோடும் சேர்க்காமல் பொதுவாக வரவு வைத்திருந்தால், கட்டி முடித்த பில்லும் பழைய பாக்கியாகத்தான் தெரியும். உடைந்த சரக்கு, விலை வித்தியாசம் என்று தகராறில் இருக்கும் தொகையையும் தனியாகக் குறித்து வையுங்கள், ஒரு சின்ன தகராறுக்காக முழு ஆர்டரும் நிற்க வேண்டாம்.

கெடு எந்த நாளிலிருந்து என்பதையும் எழுதியே கொடுங்கள். பில் தேதியா, சரக்கு போய்ச் சேர்ந்த தேதியா என்று சொல்லாமல் விட்டால், வாடிக்கையாளர் மாதக் கடைசியிலிருந்து எண்ணுவார்.

நின்ற ஆர்டரை விடுவிக்கும் அதிகாரம் விற்பனை இலக்கு இருப்பவர் கையில் இருக்கக் கூடாது. தற்காலிகமாக வரம்பை உயர்த்தினால் முடியும் தேதியையும் அப்போதே போட்டுவிடுங்கள்.