டெலிமெடிசின் மேசையில் நர்சிங் மாணவர்கள் செய்யும் தவறுகள்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், இரண்டாம் செமஸ்டரில் நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒரு தனிப் பாடமாக வந்துவிட்டது. அதைக் கம்ப்யூட்டர் வகுப்பாக நடத்துவதுதான் முதல் தவறு, அது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் தவறு. வேர்டும் எக்செலும் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறோம். ஆனால் நோயாளியிடம் பார்த்ததை, தூரத்தில் இருக்கும் இன்னொருவர் சரியாகப் புரிந்துகொள்ளும்படி திரையில் பதிவதுதான் இந்தப் பாடம்.

மத்திய அரசின் டெலிமெடிசின் சேவையான இ-சஞ்சீவனியை எடுத்துக்கொள்ளுங்கள். துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் நோயாளியோடு உட்கார்ந்திருப்பார், மருத்துவர் வேறு ஊரில் இருப்பார். அரை நாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டிய ஒருவருக்குத் தன் ஊரிலேயே ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் அந்த மருத்துவர் தொட்டுப் பார்க்க முடியாது. நர்ஸ் பதிவதும் கேமராவில் தெரிவதும்தான் அவருக்கு நோயாளி.

லேபில் நான் கொடுக்கும் பயிற்சி இது. 58 வயது அம்மா, சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடு 1 மி.கி.யும் சாப்பிடுகிறார். காலை 9:30-க்கு இட்லி. 10:50-க்கு விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 196. காலை நேரம்தானே என்று மாணவி ‘வெறும் வயிறு’ என்ற கட்டத்தில் 196 என்று போடுகிறார். எண்ணில் பிழை இல்லை, கட்டம்தான் தவறு. சாப்பிட்டு 1 மணி 20 நிமிடத்தில், சுகர் ஏறியிருக்கும் நேரத்தில் 196 இருந்தால் அதை மட்டும் வைத்து யாரும் மாத்திரையை மாற்ற மாட்டார்கள். வெறும் வயிற்றில் 196 என்றால் கிளிமிபிரைடை 2 மி.கி. ஆக்க மருத்துவருக்குத் தோன்றும். அப்புறம் ஒருநாள் அந்த அம்மா மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், சுகர் அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்துக் கை நடுங்கி விழலாம். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று குத்துவதற்கு முன்பே கேட்க வேண்டும். கட்டம் பொருந்தவில்லை என்றால் குறிப்புப் பகுதியில் ‘இட்லி சாப்பிட்டு 1 மணி 20 நிமிடம்’ என்று எழுதலாம். பேசும்போது ‘பிபி’ என்று சுருக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு எடுத்த சுகரும் பிபிதான், ரத்த அழுத்தமும் பிபிதான்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. இன்னொரு மாணவியை மருத்துவராக அடுத்த அறையில் உட்கார வைத்து, பதிவை மட்டும் காட்டி, என்ன செய்வாய் என்று கேட்பேன். எழுதியவருக்குத் தன் தவறு அங்கே உடனே தெரிந்துவிடும். போன முறைப் பதிவில் இருந்த ரத்த அழுத்தத்தை அப்படியே காப்பி செய்திருந்தாலும் இதில் மாட்டும். மூன்று வருகைக்கும் 130/80 என்று இருந்தால், உண்மையில் அளந்தார்களா என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது அந்தரங்கம். காலில் புண் இருக்கிறது, சந்தேகம் கேட்கலாம் என்று மாணவர் தன் போனில் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். முகம் இல்லையே என்பார். ஓரத்தில் இருக்கும் ஓபி சீட்டில் பெயரும் வயதும் தெரியும். குழுவில் அழித்தாலும் படம் மற்றவர்கள் கேலரியிலும், தானாக ஏறும் பேக்கப்பிலும் தங்கிவிடலாம். படம் தேவை என்றால் ஆலோசனைச் செயலியிலேயே இணைக்க வேண்டும். சீனியர் அக்காவின் லாகினில் பதிவதும் இதே ரகம்தான். நாளை ஒரு மருந்து தவறிப்போனால் பதிவில் நிற்பது அக்காவின் பெயர்.

சம்மதத்தையும் மறந்துவிடுகிறார்கள். 2020 மார்ச் 25-இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, நோயாளி தானே அழைத்தால் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். சுகாதாரப் பணியாளர் தொடங்கிவைத்தால் வெளிப்படையாகக் கேட்டுப் பதிய வேண்டும். “அம்மா, டாக்டர் வீடியோவில் பேசுவார், உங்க விவரம் கம்ப்யூட்டரில் ஏறும், சரியா?” என்றால் போதும். மருமகள் பக்கத்தில் இருக்கலாமா என்பதையும் அந்த அம்மாவிடமே கேளுங்கள். வெள்ளைப்படுதல் பற்றிப் பலர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்று யாராவது வந்தால் வீடியோ வரிசையில் காத்திருக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அவர் பக்கத்தில் இருங்கள்.

சாதாரண ஆலோசனையில், மருத்துவர் சொல்லி முடித்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். அதற்கு முன் அந்த அம்மாவிடம், எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். மாறிச் சொன்னால் திருத்த மருத்துவர் இன்னும் திரையில் இருப்பார்.