தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பும் சக ஊழியர்: புகாரைக் கெடுக்கும் தவறுகள்

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பில்லிங் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். வேலை நேரம் 9 முதல் 6 வரை. இரண்டே பேர். ஒருவர் 9.40க்கு வருகிறார், 5.15க்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மற்றவருக்கு வயிறு எரிகிறது.

பெங்களூரு போகும் லோடு அங்கே பெரும்பாலும் மாலையில்தான் ஏறும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில் வேண்டும். இன்வாய்ஸ் போட்டு, வண்டி நம்பரை ஏற்றி, அச்செடுத்துக் கொடுத்தால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். ஆக, 5.15க்கு மேல் வரும் ஒவ்வொரு லாரியும் இருப்பவர் தலையில் விழுகிறது. எரிச்சலுக்குக் காரணம் இதுதான் என்றாலும், பலரும் இதைவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவர் வந்த நேரம், போன நேரம் என்று டைரியில் குறித்துவைப்பதுதான் முதல் தவறு. அதை மேலாளரிடம் நீட்டினால், "எங்கிட்ட சொல்லிட்டுத்தாம்பா போறார்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். வேவு பார்த்தவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். அதற்குப் பதில் இரண்டு வாரம் உங்கள் வேலையைக் குறியுங்கள். "புதன்: 5.15க்குப் பின் 4 பில், 7.10 வரை. இரண்டு அவர் பார்க்கும் பார்ட்டியுடையது." இப்படி ஒரு வரி போதும். அவசரத்தில் நடந்த பிழையையும் எழுதுங்கள். வண்டி நம்பர் தப்பினால் மாற்றிக்கொள்ளலாம். சரக்கின் மதிப்பைத் தவறாகப் போட்டுவிட்டால் இ-வே பில்லில் திருத்த வழியில்லை, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டும். அதுவரை லாரி நிற்கும். மேலாளரின் காதில் ஏறுவது இந்தக் கணக்குதான்.

இரண்டு வாரத்தில் அப்படி எதுவுமே விழவில்லை என்றால், அதாவது அவர் தன் பில்களை மதியமே முடித்துவிட்டுப் போகிறார் என்றால், பேச வேண்டாம். உங்களுக்கும் சீக்கிரம் கிளம்ப ஆசையிருந்தால் அதைத் தனிக் கோரிக்கையாக, அவர் பேரை இழுக்காமல் கேளுங்கள்.

அடுத்த தவறு, காரணத்தை நாமே முடிவு கட்டுவது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலைக்கு வரும் தாய்க்கு நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. சில இடங்களில் இரண்டையும் சேர்த்துச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஒருவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இருக்கலாம். இந்த மாதிரி ஏற்பாடுகளை மேலாளர் மற்றவர்களிடம் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அதனால் "அவரை மட்டும் ஏன் விடுறீங்க?" என்று கேட்டால் பதில் வராது. "சாயந்திர பில்லை யார் பார்க்கறது?" என்று கேட்டால் வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவருக்குச் சலுகை கொடுத்தவரே அந்த வேலைக்கும் ஆள் காட்டக் கடமைப்பட்டவர்.

முதல் பேச்சு அந்தச் சக ஊழியரிடம்தான் இருக்க வேண்டும். அவர் பையோடு எழும்போது வாசலில் மடக்காதீர்கள். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் சண்டையாகும். மதியம், பக்கத்தில் ஆளில்லாதபோது: "சார், அஞ்சேகாலுக்கு மேல வர்ற லோடெல்லாம் எங்கிட்டயே வந்துடுது. வாரத்துல ரெண்டு நாள் நீங்க பார்த்துக்கிட்டா நானும் ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன். எந்த நாள் உங்களுக்குத் தோதா இருக்கும்?" அவர் வருகிற நேரம், போகிற நேரம் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முடியாது என்றால் மாற்று கேளுங்கள். காலையில் வரும் ரிட்டர்ன் சரக்கின் பதிவுகளை அவர் முழுசாக எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் செய்யாமல் டீக்கடையில் நாலு பேரிடம் புலம்புவது வழக்கம். அது அவர் காதுக்கு இரண்டே நாளில் போய்ச் சேரும், அதன்பின் நேரில் பேசும் வாய்ப்பே போய்விடும்.

முணுமுணுத்துக்கொண்டே எல்லா பில்லையும் போட்டுக்கொடுப்பது இன்னும் மோசம். லாரி நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை மேலாளருக்குப் பிரச்சினையே தெரியாது. ஆறு மாதம் கழித்து வெடித்தால், "இவ்வளவு நாள் செஞ்சீங்களே" என்பார். அதற்காக லாரியை நிறுத்திப் பாடம் புகட்டவும் வேண்டாம், பழி உங்கள் மேல் வரும். அவரிடம் பேசி இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால், குறித்துவைத்த கணக்கோடு மேலாளரிடம் போங்கள். "5.15க்குப் பின் வரும் பில்களை எங்கள் இருவருக்குள் பிரித்துக்கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

அவர் தன் கார்டை உங்களிடம் கொடுத்து ஆறு மணிக்குப் பஞ்ச் பண்ணச் சொன்னால், அன்றே மறுத்துவிடுங்கள். பொய் வருகைப் பதிவில் பஞ்ச் செய்த கையும் மாட்டும். பல நிறுவனங்களில் இருவருக்குமே மெமோ வரும்.