முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுமா? மாணவர்களின் தவறான எண்ணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

தொடரிணைப்பில் இரண்டு பல்புகளை வரைந்து, எது அதிகப் பிரகாசமாக எரியும் என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறதுதான். அது எடுத்தது போக மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்?" என்று யாராவது சொல்வார்கள். மின்சுற்றின் வரையறையைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகூட இப்படிச் சொல்லும். மின்சுற்றுப் பாடத்தில் பிள்ளைகளிடம் பல தவறான எண்ணங்கள் உண்டு. எளிதில் மறையாத எண்ணம் இது என்பதால், இதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை: 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் டார்ச் பல்புகள் இரண்டு, ஒரு அம்மீட்டர், ஒரு மாறுமின்தடை, கம்பிகள். எல்இடி வேண்டாம். பேட்டரியைத் திருப்பிப் போட்டால் அது எரியாது. அங்கே புதுக் குழப்பம் தொடங்கிவிடும்.

படி 1: முதலில் எழுதச் சொல்லுங்கள்

கரும்பலகையில் சுற்றை வரைந்து மூன்று இடங்களைக் குறியுங்கள். நேர்முனைக்கும் முதல் பல்புக்கும் நடுவே அ, இரண்டு பல்புகளுக்கு இடையே ஆ, இரண்டாவது பல்புக்கும் எதிர்முனைக்கும் நடுவே இ. அ-வில் 0.2 ஆம்பியர் என்றால் ஆ-விலும் இ-யிலும் எவ்வளவு? காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும்.

0.2, 0.1, 0 என்று எழுதிய பிள்ளைக்கு மின்னோட்டம் வழியில் தீர்ந்துபோகிறது. 0.2, 0, 0.2 என்று வந்தால், இரண்டு முனையிலிருந்தும் மின்னோட்டம் புறப்பட்டுப் பல்பில் சந்திக்கிறது என்ற எண்ணமாக இருக்கலாம். காரண வரியைப் படித்தால் தெரிந்துவிடும். மூன்றிலும் 0.2 என்று எழுதி, காரணமாக "தொடரிணைப்பு விதி" என்று மட்டும் போட்டிருந்தால் அதைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரி, தவறு எதுவும் இப்போது சொல்ல வேண்டாம்.

படி 2: பல்புகளை முன்கூட்டியே சோதியுங்கள்

சோதனை பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். ஒரே பெட்டியில் வாங்கிய பல்புகளில்கூட இழைகள் கொஞ்சம் வேறுபடும். முதல் பல்பு சற்றுக் கூடுதலாக எரிந்தால் போதும், "பார்த்தீர்களா!" என்று வகுப்பே சொல்லிவிடும். அதனால் முந்தைய நாளே நாலைந்து பல்புகளை இரண்டிரண்டாக இணைத்துப் பார்த்து, ஒரே மாதிரி எரியும் ஜோடியை எடுத்து வையுங்கள்.

அப்படியும் வகுப்பில் வித்தியாசம் தெரிந்தால் மறைக்காதீர்கள். பல்புகளை இடம் மாற்றச் சொல்லுங்கள். பிரகாசம் பல்போடு சேர்ந்தே நகரும், பழைய இடத்தில் தங்காது. அப்புறம் பேட்டரியையும் திருப்பிப் போடுங்கள். முன்பு 'முதலாவதாக' இருந்த பல்பு இப்போது 'இரண்டாவது'. ஆனாலும் பிரகாசம் மாறவில்லை. பல பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

படி 3: அளந்து பாருங்கள்

ஒரே அம்மீட்டரை அ, ஆ, இ என்று மாற்றி மாற்றித் தொடரில் சேருங்கள். மூன்று மீட்டர் வைத்தால் மீட்டர்களுக்குள் இருக்கும் வேறுபாடே விடையைக் குழப்பும். 0.21, 0.20, 0.20 என்று வந்தால் "குறைந்துவிட்டது" என்று ஒரு குரல் கேட்கும். உடனே இ-யில் தொடங்கி அ வரை திரும்ப அளக்கச் சொல்லுங்கள். பேட்டரி தளர்வதாலோ இணைப்பு சரியாகப் பிடிக்காததாலோ வந்த ஆட்டம் என்றால், குறைவு அதே இடத்தில் அதே மாதிரி வராது. முதல் பல்பு பாதியை எடுத்திருந்தால் ஆ-வில் 0.1 அல்லவா காட்டியிருக்க வேண்டும்?

படி 4: "அப்படியானால் பேட்டரி ஏன் தீர்கிறது?"

இந்தக் கேள்வியை மாணவர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். ஏதோ ஒன்று செலவாகிறது என்ற அவர்கள் உணர்வு சரியானது. செலவாவது மின்னோட்டம் என்பதுதான் தவறு. செலவாவது பேட்டரிக்குள் இருக்கும் வேதி ஆற்றல்.

நீளமான கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கி, மாணவர்களை வட்டமாக நிறுத்தி லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் கயிற்றை இழுத்துச் சுற்றவிட வேண்டும்; அவர்தான் பேட்டரி. இன்னொருவர் சற்று இறுக்கிப் பிடிக்கட்டும், அவர் பல்பு. அவர் உள்ளங்கை சூடாகும், இழுப்பவர் களைப்பார். ஆனால் பல்பைத் தாண்டிய கயிறு குறையவில்லை, எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பக்க இணைப்புக்கு இந்தக் கயிறு சரிப்படாது, அங்கே இழுத்து நீட்டாதீர்கள்.

படி 5: வேறு சுற்றில் சோதியுங்கள்

இரண்டு நாள் கழித்து, ஒரு பல்பு, அதற்கு அடுத்து மாறுமின்தடை என்று வரையுங்கள். மின்தடையைக் கூட்டினால் பல்பு என்னவாகும்? "மாறாது, மின்னோட்டம் பல்பைத் தாண்டிய பிறகுதானே தடை வருகிறது" என்று எழுதினால் பழைய எண்ணம் இன்னும் உள்ளே இருக்கிறது. செய்து காட்டுங்கள், பல்பு மங்கும். பிறகு அதே அளவில் வைத்த மின்தடையைப் பல்புக்கு முன்னால் மாற்றி இணைத்து, முன்பு எவ்வளவு மங்கியதோ அவ்வளவே மங்குகிறதா என்று அவர்களையே பார்த்துச் சொல்ல விடுங்கள். அதற்குப் பிறகு முதல் நாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, தங்கள் பதிலைத் தாங்களே திருத்தச் சொல்லுங்கள்.