தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் பரீட்சைக்கு முந்தைய மாதம்: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கடிதம் எழுதும் முறை

உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது, "அமைதியான அறை வேண்டும், வேலை சொல்லாதீர்கள்" என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அம்மா வாசித்துவிட்டு, "இருக்கிறதே ஒரு காம்பரா, இன்னொன்றுக்கு எங்கே போறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அப்புறம் வேறு மாதிரி எழுதினேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. எழுதுவதற்கு முன் மூன்று நாள் வீட்டைக் கவனியுங்கள். எப்போது சத்தம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு கொப்பித் தாளில் குறியுங்கள். எங்கள் வீட்டில் பீலியில் தண்ணீர் எடுக்க முக்கால் மணி நேரம் போனது, வரிசை நீண்டால் இன்னும் அதிகம். விறகுக்கு ஞாயிறு அரைநாள். முற்றம் கூட்டப் பத்து நிமிடம்தான்.

2. அறையைக் கேட்காமல் நேரத்தைக் கேளுங்கள். பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது, பக்கத்து வீட்டு டிவியும் நம் காதில்தான் விழும். நான் விடியற்காலை நான்கு மணியைத் தேர்ந்தெடுத்தேன், இடம் குசினி. அடுப்பு மூட்டினால் குளிர் தெரியாது, தூங்குகிறவர்கள் கண்ணில் வெளிச்சமும் படாது.

3. எல்லா வேலையையும் விடக் கேட்காதீர்கள். நாம் விடுவதெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவின் தலையில்தான் விழும். நேரம் தின்னும் இரண்டு வேலையை மட்டும் சொல்லி, யார் செய்வார் என்றும் எழுதுங்கள். தம்பியிடம் முதலில் பேசிவிடுங்கள். கேட்காமல் அவன் பெயரை எழுதினால் வீட்டில் சண்டைதான்.

என் கடிதம் இதுதான்:

"அன்புள்ள அம்மா, அப்பா,
பரீட்சை முடியும்வரை, இந்த ஒரு மாதம் மட்டும், தண்ணீர் எடுப்பதையும் விறகையும் விடக் கேட்கிறேன். தண்ணீரைத் தம்பி எடுப்பான், அவனிடம் பேசிவிட்டேன். விறகுக்கு வரும் ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நானே போய் மாதத்துக்குச் சேர்த்துவைக்கிறேன். முற்றம் கூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலையாகவே இருக்கட்டும். காலை நான்கு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, தேத்தண்ணி வைத்துவிட்டுக் குசினியிலேயே படிப்பேன். நீங்கள் ஐந்து மணிக்கு எழும்பினால் போதும். இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை டிவியை மட்டும் நிறுத்தித் தாருங்கள்.
உங்கள் மகள்"

4. கொடுக்கும் நேரம் முக்கியம். வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்கு ஓடும் காலையிலோ, நனைந்து வந்த மாலையிலோ நீட்டாதீர்கள். நான் ஞாயிறு மதியச் சோற்றுக்குப் பிறகு கொடுத்தேன். வாசிக்கச் சிரமப்படுபவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு வாரம் கழித்துக் குடத்தைப் பாருங்கள். இருட்டும் நேரத்தில் அம்மாவே அதைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனால், தம்பி ஏமாற்றுகிறான். அன்றே அவனுடன் பேசி, தண்ணீர் எடுக்கும் நேரத்தை அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு என்று மாற்றிவிடுங்கள்.