மார்ச் மாதக் கட்டணத்துக்கு நவம்பரிலேயே பணம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் டியூஷன் நிலையத்தின் கணக்கை நான் பார்க்கிறேன். இணையத்துக்கு மாதம் 149 ரிங்கிட், இரண்டு தொலைபேசி இணைப்புகளுக்கு 90. இவை சிக்கலே தருவதில்லை. மார்ச் தொடக்கத்தில் கணக்கு மென்பொருளுக்கு 960, ஆகஸ்டு தொடக்கத்தில் இணைய முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் 420 என்று வரும் ஆண்டுக் கட்டணங்கள்தாம் சம்பள நேரத்தில் கையைக் கடித்தன.

எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் சேர்த்தேன். ஆண்டுக்கு 4,248, அதாவது மாதம் 354 ரிங்கிட். மாதக் கட்டணங்கள் 239 போக மீதி 115 தனிக் கணக்கில் சேரும்.

ஆனால் சராசரி மட்டும் போதாது, தொடங்கும் மாதமும் முக்கியம். நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரி முடிய 460தான் சேரும். மார்ச்சில் 500 குறையும். அந்த 500ஐ முதலிலேயே போட்டுவைத்தேன். மார்ச்சில் இருப்பு பூஜ்யமானது. ஜூலைக்குள் 575 சேர்ந்தது. ஆகஸ்டில் 420 போக 155 மிஞ்சியது. அடுத்த பிப்ரவரிக்குள் சரியாக 960! அதன்பின் கூடுதல் பணம் தேவைப்படவில்லை.

தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களுக்கு, புதுப்பிக்கும் நாளோடு ரத்து செய்யக் கடைசி நாளையும் எழுதிவைக்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்பே, யார் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுவிடுகிறேன். விலை உயர்ந்திருந்தால், கூடிய தொகையை மீதமுள்ள மாதங்களால் வகுத்து 115உடன் சேர்க்கிறேன்.