பவர் ஸ்டேஷனா, இன்வெர்ட்டர் பேட்டரியா? கணக்கில் சறுக்கும் இடங்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் கரண்ட் பிற்பகல்தான் வரும். அந்த 5 மணி நேரத்துக்கு ஒரு சாதாரண சீலிங் ஃபேன் (75 வாட்), இரண்டு எல்.இ.டி பல்பு (18 வாட்), ஒரு வைஃபை ரவுட்டர் (10 வாட்) ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 103 வாட். இதற்கு, லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் அடங்கிய பவர் ஸ்டேஷன் வாங்குவதா, வீட்டு இன்வெர்ட்டரோடு சேரும் லெட் ஆசிட் பேட்டரி வாங்குவதா என்பதுதான் கேள்வி.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. பவர் ஸ்டேஷன் பெட்டியில் 1,60,000 மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது 160 ஆம்பியர் ஹவர் என்று போட்டிருக்கும். வீட்டு பேட்டரி 80 தானே, இது இரண்டு மடங்கு என்று வாங்கிவிடுகிறார்கள். அந்த 160 என்பது 3.2 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 512 வாட் ஹவர். பேட்டரியோ 12 வோல்ட், 80 ஆம்பியர் ஹவர், பெருக்கினால் 960. ஒப்பிட வேண்டியது வாட் ஹவரை மட்டும்தான்.

அடுத்த தவறு, 512-ஐ 103-ஆல் வகுத்து 5 மணி நேரம் என்று நம்புவது. ஏ.சி. கரண்டாக மாற்றும்போது சுமார் 10 சதவீதம் சூடாகப் போய்விடும், மிஞ்சுவது 460. போதாததற்கு, ஏ.சி. பட்டனை அழுத்தியதுமே, எதுவும் மாட்டாவிட்டாலும், உள்ளிருக்கும் இன்வெர்ட்டர் 10 வாட் அளவுக்குத் தின்னும் (மாடலுக்கு மாடல் மாறும்). 460-ஐ 113-ஆல் வகுத்தால் 4 மணி நேரம்தான். அதே ஃபேனை 28 வாட் பி.எல்.டி.சி ஃபேனாக மாற்றினால் 7 மணி நேரம் ஓடும். பெரிய பவர் ஸ்டேஷனுக்குச் செலவழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது ஃபேனைத்தான்.

ரவுட்டர் மட்டும் போதும் என்றால், அதன் அடாப்டர் 12 வோல்ட் எனில் பவர் ஸ்டேஷனின் 12 வோல்ட் பாயின்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். ஏ.சி. வழியாகப் போனால் ரவுட்டர் எடுக்கும் அளவை இன்வெர்ட்டரும் எடுத்துக்கொள்ளும். லோடு குறைவு என்று சில மாடல்கள் ஏ.சி.யைத் தானே அணைத்தும் விடும். செட்டிங்கில் அந்த ஆட்டோ ஆஃபை நிறுத்தி வையுங்கள்.

பேட்டரி பக்கமும் 960-ஐ அப்படியே நம்பக்கூடாது. அதன் மேல் C20 என்று இருந்தால், 20 மணி நேரம் மெதுவாக, 4 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 80 கிடைக்கும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் நம் லோடு ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். அப்போது புது பேட்டரியே சுமார் 68 ஆம்பியர் ஹவர்தான் தரும். இழப்பு போக வெளியே வருவது ஏறத்தாழ 650 வாட் ஹவர். 6 மணி நேரம். பேட்டரியின் ஆயுள் கருதி 80 சதவீதம் எடுத்ததும் நிறுத்தினால் 5 மணி நேரம். காகிதத்தில் இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் ஒரு மணி நேரமாகிவிட்டது.

திரும்ப சார்ஜ் ஏறும் நேரத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. லெட் ஆசிட் பேட்டரி முழுதாக ஏற 10 முதல் 12 மணி நேரம் ஆகும். லித்தியம் பவர் ஸ்டேஷன்களில் பல இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். பகலிலும் இரவிலும் கரண்ட் போகிற ஊரில், இரண்டாவது முறை கரண்ட் போகும்போது லெட் ஆசிட் பேட்டரி அரைகுறை சார்ஜோடுதான் நிற்கும்.