ஆயிரம் பை, மூன்று நாள்: மறுத்து அனுப்பிய செய்தி

திங்களன்று வந்த கேட்பு: மளிகைக்கடைத் திறப்புக்கு இரண்டு வண்ண அச்சுடன் 1,000 துணிப்பை, வியாழனுக்குள். "பார்க்கிறேன் சார்" என்று முதலில் எழுதியதை அனுப்பாமல் அழித்தேன். வாடிக்கையாளர் அதைச் சம்மதமாகத்தான் படிப்பார்.

முதலில் கணக்கு. ஒரு வண்ணத்துக்கு ஒரு அச்சு என்றால் மொத்தம் 2,000 அச்சு. எங்கள் மேசையில் நாளைக்கு 500 ஓடும், ஆக நான்கு நாள். இரண்டு தையல் மெஷினில் நாளைக்கு 240 பை. அச்சு காயாமல் தைத்தால் மை அடுத்த துணியில் ஒட்டும். சூடு காட்டி மையைப் பிடிக்க வைக்காவிட்டால் முதல் சலவையிலேயே வெளுக்கும். ஆள் கூட்டினாலும் காயும் நேரம் குறையாது. செவ்வாய் அச்சு ஸ்கிரீன் தயாரிப்பு, புதன் முதல் சனி வரை அச்சு, வியாழன் முதல் தையல், ஞாயிறு விடுமுறை. அடுத்த செவ்வாய் தையல் முடியும், புதன் சரிபார்ப்பு. மின்தடைக்காக ஒரு நாள் சேர்த்தேன்.

அனுப்பியது இது:

"வணக்கம் சார். 1,000 பை இந்த வியாழனுக்குள் எங்களால் முடியாது. அச்சு காய்ந்து தைக்கவே அதற்கு மேல் நாள் பிடிக்கும். அடுத்த வியாழன் மாலை முழுவதும் தருகிறேன். இன்று மாலை 6 மணிக்குள் டிசைனை உறுதிசெய்து பாதிப் பணம் அனுப்பினால் இந்தத் தேதி நிற்கும். தாமதமானால் அத்தனை நாள் தள்ளும். திறப்பு நாளுக்கே வேண்டுமென்றால் வேறு கடையில் கேட்டுப் பாருங்கள், தவறாக நினைக்க மாட்டேன்."

மறுப்பு முதல் வரியிலேயே இருக்க வேண்டும். மன்னிப்பு நீண்டால் பேரம் தொடங்கும்.